“அனைவருக்கும் நன்றி” என்று எழுதியது போதுமா?

ஷவ்வால் மாத ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம் – தோவாளை

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும். அம்மா பஃது.



ரமளான் நம்மைக் கடந்துவிட்டது. நம் பள்ளியில் முப்பது நாளும் கஞ்சி காய்ச்சினோம், நோன்பு திறந்தோம், தராவீஹ் தொழுதோம். வழக்கம்போல் அதற்கு நன்றி சொல்லும் நேரம் இது. இன்று நான் பேச இருப்பது அந்த நன்றியைப் பற்றித்தான். இது எனக்கு நேர்ந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. தவறு என்னுடையது என்பதால் அதை மிம்பரிலேயே சொல்வதுதான் முறை.

போன வருட ரமளான் முடிந்ததும் பள்ளிப் பலகையில் ஒட்டுவதற்கான நன்றி அறிவிப்பை நான்தான் எழுதினேன். அதன் முதல் பாதியில் கஞ்சிக்குப் பணம் தந்தவர்களின் பெயரும் தொகையும் இருந்தன. இரண்டாம் பாதி இவ்வளவுதான்: “மேலும் இந்நற்பணியில் உடலுழைப்பாலும் பொருளாலும் ஒத்துழைத்த அனைத்து நல்லுள்ளங்களுக்கும் ஜமாஅத் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. ஜஸாக்குமுல்லாஹு கைரா.” எழுதி முடித்தபோது எனக்கு மனநிறைவாகத்தான் இருந்தது. யாரையும் விட்டுவிடவில்லை என்று நினைத்தேன்.

இந்த ரமளானின் முதல் நோன்பு அன்று இரவு, தராவீஹ் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் கஞ்சிக் கிடாரம் கழுவாமல் கிடந்தது. மோதினார் வந்து, “கழுவுறவன் வரல்ல உஸ்தாத்” என்றார். யார் கழுவுவது என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. போன வருடம் அதைக் கழுவியவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். பூச்சந்தையில் வேலை. விடியும் முன்பே சந்தைக்குப் போக வேண்டியவர், தராவீஹுக்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழித்து, அடியில் பிடித்ததைத் தேங்காய்ச் சவுரியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவாராம். மறுநாள் மதியம் அடுப்பேற்றும்போது கிடாரம் தயாராக இருந்தது என்றால், அது தானாகத் தயாராகவில்லை.

மறுநாள் அவரைப் போய்ப் பார்த்தேன். கோபமாகப் பேசவில்லை. “வேற ஆளு பாருங்க உஸ்தாத்” என்றார். வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்: “ரூவா குடுத்தவங்க பேரு நோட்டீஸ்ல இருந்துச்சு. நாங்க ‘அனைவரும்’ல இருந்தோம். ஒரு நாளும் எட்டிப் பாக்காத ஆளும் அதே ‘அனைவரும்’லதான் இருக்காரு.”

அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சகோதரர்களே! இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும், எனக்கும் எழுந்தது. அல்லாஹ்வுக்காகச் செய்த வேலைக்குப் பெயர் எதற்கு? அவர் எதிர்பார்த்திருந்தால் அது அவருடைய இக்லாஸின் குறை அல்லவா?

இதற்குக் குர்ஆனிலேயே தெளிவு இருக்கிறது. அத்தஹ்ர் அத்தியாயத்தில் (76:8-9) ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லவர்களைப் பற்றி அல்லாஹ் சொல்கிறான். உங்களிடமிருந்து கூலியையும் எதிர்பார்க்கவில்லை, நன்றியையும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர்களுடைய நிலை. இந்த வசனம் யாருக்கு? கொடுக்கிறவருக்கு. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருக்கிறது. அந்த எச்சரிக்கை யாருக்கு? வாங்குகிறவருக்கு.

இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். நன்றியை எதிர்பார்க்காமல் இருப்பது அந்த இளைஞருடைய கணக்கு. அதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நன்றி சொல்வது என்னுடைய கணக்கு. நான் செய்தது என்னவென்றால், என் கணக்கில் இருந்த பாக்கியை அவருடைய இக்லாஸில் எழுதிவிட்டேன். கடன் வாங்கியவர், ‘கொடுத்தவர் பெருந்தன்மையானவர், கேட்கமாட்டார்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதைப் போன்றது இது. கொடுத்தவர் பெருந்தன்மையானவராகவே இருக்கட்டும். அதனால் கடன் தீர்ந்துவிடுமா?

சரி, நான்தான் நன்றி சொன்னேனே, ‘அனைவருக்கும்’ என்று எழுதினேனே என்று நினைத்தேன். அது ஏன் நன்றி ஆகவில்லை என்பதுதான் இன்றைய உரையின் மையம்.

நம் ஊர்ப் பூச்சந்தையைப் பாருங்கள். அங்கே எந்த வியாபாரியும் சீட்டில் ‘பூ ஒரு மூட்டை’ என்று எழுதமாட்டார். பிச்சி இத்தனை கிலோ, மல்லிகை இத்தனை, சம்பங்கி இத்தனை, அரளி இத்தனை, கொழுந்து இத்தனை என்று தனித்தனியாக எழுதுவார். ஏனென்றால் ஒவ்வொன்றின் விலையும் வேறு, கொண்டுவந்த விவசாயியும் வேறு. எல்லாவற்றையும் ‘பூ’ என்ற ஒரே சொல்லில் போட்டு ஒரே விலை பேசினால் பிச்சி கொண்டுவந்தவர் அந்தக் கமிஷன் கடைக்கு மறுநாள் வருவாரா? சொல் பொய்யில்லை, எல்லாம் பூதான். ஆனால் அளவு குறைந்துவிட்டது.

நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன்வாசிகளிடம் பேசியதை அல்லாஹ் அல்அஃராஃப் அத்தியாயத்தில் (7:85) சொல்கிறான். அளவையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள் என்றதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மக்களுக்கு உரியவற்றை அவர்களுக்குக் குறைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அங்கே வரும் சொல் ‘அஷ்யா’. பொருட்கள், விஷயங்கள் என்று பொதுவாகப் பொருள் தரும் சொல். தானியம் என்றோ காசு என்றோ சுருக்கவில்லை. ஒருவருக்கு உரியது எதுவோ, அதைக் குறைப்பது ‘பக்ஸ்’. ஒருவர் ஒரு மாதம் இராத்தூக்கத்தைக் கொடுத்துச் செய்த வேலையும் அவருக்கு உரிய ஒன்றுதான். அதையும், ஒரு நாளும் வராதவரின் வராமையையும் ஒரே சொல்லில் நிறுத்தினால் தட்டு சமமாக நிற்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாம் செய்யாதவற்றுக்காகப் புகழப்படுவதை விரும்புவோரை ஆலஇம்ரான் அத்தியாயத்தில் (3:188) அல்லாஹ் கடுமையாகக் கண்டிக்கிறான். ‘அனைவருக்கும் நன்றி’ என்று எழுதுகிறவர் செய்யாதவருக்கும் அந்தப் புகழில் பங்கு தருகிறார். செய்தவருக்குக் குறைகிறது, செய்யாதவருக்கு உரிமையில்லாதது போய்ச் சேருகிறது. ஒரே வரியில் இரண்டு தவறுகள்.

அப்படியானால் சரியான நன்றி எப்படி இருக்கும்? முஸ்லிம் நூலில் வரும் தூகரத் நிகழ்ச்சியைப் பாருங்கள்.

கைபர் போருக்குச் சற்று முன்பு, நபி (ஸல்) அவர்களின் பால் ஒட்டகங்களைக் கத்ஃபான் கூட்டத்தினர் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) தனி ஆளாக, கால்நடையாகவே அவர்களைத் துரத்திப் போய், அம்பெய்து அம்பெய்து ஒட்டகங்களை மீட்டார்கள். பிறகு குதிரை வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். அபூகதாதா (ரலி) எதிரிகளின் தலைவனை வீழ்த்தினார்கள். இன்னும் பலரும் அன்று வந்திருந்தார்கள். மறுநாள் காலை நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் கருத்து இதுதான்: இன்று நம் குதிரை வீரர்களில் சிறந்தவர் அபூகதாதா, நம் காலாட்களில் சிறந்தவர் ஸலமா. சொன்னதோடு ஸலமாவுக்குக் குதிரை வீரரின் பங்கையும் காலாளின் பங்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை நிதானம் இருக்கிறது என்று கவனியுங்கள். பெயர் இருக்கிறது. எந்த வேலையில் என்பது இருக்கிறது. ஒருவர் குதிரையில், ஒருவர் நடையில். ‘இன்று’ என்ற எல்லையும் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்கும், எல்லாவற்றிலும் சிறந்தவர் என்று சொல்லவில்லை. அன்று நடந்தது எதுவோ அதைச் சொன்னார்கள். இது சாட்சியம். பார்த்ததை, தெரிந்ததை, அளவோடு சொல்வது.

ஆம், நன்றி என்பது ஒரு சாட்சியம். யூஸுஃப் அத்தியாயத்தில் (12:81) சகோதரர்கள் தந்தையிடம் சொல்லவேண்டிய சொல்லாக, நாங்கள் அறிந்ததற்கே சாட்சி சொன்னோம் என்பது வருகிறது. அறியாததற்குச் சாட்சி சொல்ல முடியாது. அப்போதுதான் எனக்கு என் அறிவிப்பின் உண்மையான கோளாறு புரிந்தது. நான் பெயர்களை எழுதாமல் விட்டது அடக்கத்தினால் அல்ல, இடமில்லாததினாலும் அல்ல. யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்க ‘அனைவரும்’ என்ற சொல் வசதியாக இருந்தது.

ஆகவே, ஒரு வருடம் தாமதமாக, போன வருட அறிவிப்பை மீண்டும் எழுதத் தொடங்கினேன். எப்படி எழுதினேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ, மதரஸா ஆண்டு விழாவுக்கோ நீங்களும் எழுத வேண்டியிருக்கும்.

முதல் முயற்சி தோற்றது. நிர்வாகிகளிடம் கேட்டு வந்து போன எல்லோருடைய பெயரையும் வரிசையாக எழுதினேன். முப்பத்து நான்கு பெயர்கள், நடுவில் காற்புள்ளிகள். முன்னால் ‘அயராது உழைத்த’ என்ற அடைமொழி. மோதினாரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “வோட்டர் லிஸ்ட் மாதிரி இருக்கு உஸ்தாத்” என்றார். அவர் சொன்னது சரி. பெயர் வந்தது, வேலை வரவில்லை. முப்பது நாள் வந்தவரும் ஒரு நாள் தலைகாட்டியவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அது நீளமான ‘அனைவரும்’, அவ்வளவுதான்.

பிறகு ஆட்களை விட்டுவிட்டு வேலையிலிருந்து தொடங்கினேன். ஒரு கஞ்சி நாள் காலையிலிருந்து இரவு வரை எப்படி நடக்கிறது என்று தாளில் எழுதினேன். அரசு தரும் பச்சரிசி பள்ளிக்கு வந்து சேர வேண்டும். அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்க வேண்டும். விறகு வர வேண்டும். தேங்காய் துருவிப் பால் எடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் உரிக்க வேண்டும். லுஹருக்குப் பிறகு அடுப்பேற்றி, அடிப்பிடிக்காமல் நின்று கிளற வேண்டும். அஸருக்குப் பின் தூக்குச் சட்டியோடு வரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் கொட்டாமல் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மக்ரிபுக்குப் பாய் விரித்துக் கோப்பை வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: இதை யார் செய்தார்? அவர் வராத நாளில் என்ன ஆயிற்று? இரண்டாவது கேள்விதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. “எல்லாரும் சேந்துதான் செஞ்சோம்” என்று முதலில் சொன்னவர்களே, “அவரு வராத அன்னைக்கு?” என்று கேட்டதும், “ஆமா, அன்னைக்குக் கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சு” என்றார்கள். பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டால் பொறுப்பில் இருப்பவர்களின் பெயர்தான் வரும். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டால்தான் விறகு சுமந்தவர் பெயர் வரும். விறகு சுமந்தவரைக் கேட்டால்தான் ஆட்டோக்காரர் பெயர் வரும்.

அப்படிக் கேட்டபோது தெரிந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, தேங்காய்ப்பால். தினமும் இருபது தேங்காய்வரை ஆகும். அவை பள்ளியில் துருவப்படவில்லை. மூன்று வீடுகளில், நோன்போடு இருந்த பெண்கள் துருவிப் பிழிந்து பாத்திரத்தில் கொடுத்தனுப்பினார்கள். பள்ளிக்கு வராத கைகள் என்பதால் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. பெயர் போடலாமா என்று வீட்டாரிடம் கேட்டோம். இரண்டு வீட்டில் சம்மதித்தார்கள். மூன்றாவது வீட்டு உம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லது, மறைத்துச் செய்வது இன்னும் நல்லது என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தில் (2:271) வசனம் இருக்கிறது. மறைக்கும் உரிமை செய்தவருக்கு உண்டு. அதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்காமலே அவர் சார்பில் மறைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, தண்ணீர். போன ரமளானில் மூன்று நாள் பள்ளி மோட்டார் ஓடவில்லை. அந்த மூன்று நாளும் கஞ்சி நிற்கவில்லை. எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. பக்கத்து வீட்டில் மாலை கட்டும் ஓர் அக்கா, தங்கள் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு நம் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. பெயர் எழுதப் போகிறோம் என்றதும் சிரித்துவிட்டு, “தண்ணி குடுத்ததுக்கெல்லாம் பேரு எழுதுவாவளா பாய்?” என்று கேட்டார்கள். எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். ‘ஜமாஅத்தார் அனைவருக்கும் நன்றி’ என்று எழுதியிருந்தால் அந்த ‘அனைவரில்’கூட அவர் இருந்திருக்க மாட்டார். மனிதர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்ற நபிமொழியில் மனிதர்கள் என்றுதான் இருக்கிறது.

மூன்றாவது, அரிசி. இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. தினமும் சுபுஹுக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் அமர்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கியவர் ஒரு முதியவர். யாரும் அவரிடம் அந்த வேலையை ஒப்படைக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் நாம் கல் கடிபடாமல் கஞ்சி குடித்தோம். அவர் இந்த ரமளானுக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார். ஜனாஸா தொழுகை நடத்தியவன் நான். அன்று அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன், ஐவேளை தொழுகையாளி என்று. அரிசியைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத் தெரியாது.

பள்ளிவாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்மணியின் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவரைக் காணவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தோழர்கள் அந்தப் பெண்ணின் விஷயத்தைச் சிறியதாக நினைத்துவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுகை நடத்தினார்கள். இந்த ஹதீஸை நான் பலமுறை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். பெருக்குபவரின் மறைவு தலைவரின் கண்ணுக்குப் பட்டது என்பதைச் சொல்லியிருக்கிறேன். என் பள்ளித் திண்ணையில் முறம் காலியாகக் கிடந்தது என் கண்ணுக்குப் படவில்லை. அன்று அஸருக்குப் பின் அந்தப் பெரியவரின் கப்ருக்குப் போய் துஆ செய்துவிட்டு, அவர் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். மகனுக்கும் அது தெரியாது. “வாப்பா சொல்லவே இல்லியே” என்று அழுதார். நான் ஒரு வருடம் முன்பே எழுதியிருந்தால் அந்தப் பெரியவரே வாசித்திருப்பார்.

சகோதரர்களே, இப்போது மீண்டும் எழுதிய அறிவிப்பின் சில வரிகள். பள்ளிப் பலகையில் பெயர்கள் இருக்கின்றன. இணையத்தில் உலவ வேண்டாம் என்பதற்காக இங்கே பெயர்களை எடுத்துவிட்டேன்.

“சுபுஹுக்குப் பிறகு தினமும் அரிசியில் கல் பொறுக்கியவர் மர்ஹூம் இன்னார். நாங்கள் இதை அறிந்தது அவர் மறைவுக்குப் பின். மோட்டார் பழுதான மூன்று நாளும் தம் கிணற்றிலிருந்து தண்ணீர் தந்தவர் பக்கத்து வீட்டு இன்னார். தேங்காய்ப்பால் மூன்று வீடுகளிலிருந்து வந்தது: இன்ன வீடு, இன்ன வீடு, பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒரு வீடு. கஞ்சி கிளறியவர் இன்னார். அவர் ஊரில் இல்லாத ஒரே நாளில்தான் அடிப்பிடித்தது. இரவில் கிடாரம் கழுவியவர் இன்னார்.”

‘அயராத’, ‘தன்னலமற்ற’, ‘போற்றுதற்குரிய’ போன்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை என்பதைப் பாருங்கள். வேலையைச் சொன்னால் அடைமொழி தேவைப்படுவதில்லை. வேலை தெரியாதபோதுதான் அடைமொழி தேவைப்படுகிறது. மேலும் அதில் மார்க்க ரீதியான ஆபத்தும் உண்டு. ஒருவர் இன்னொருவரை அளவு கடந்து புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீரே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது புகாரீ, முஸ்லிம் நூல்களில் இருக்கிறது. அதே ஹதீஸில் வழியும் காட்டினார்கள். புகழ்ந்துதான் ஆகவேண்டுமென்றால், தெரிந்ததை மட்டும், நான் இப்படிக் கருதுகிறேன், கணக்குப் பார்ப்பவன் அல்லாஹ் என்ற முறையில் சொல்லவேண்டும். ‘தன்னலமற்றவர்’ என்பது உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு. அது நமக்குத் தெரியாது. ‘கிடாரம் கழுவினார்’ என்பது கண் பார்த்தது, அதைச் சொல்லலாம்.

பணம் தந்தவர்களின் பெயரை நீக்கிவிட்டோமா என்று கேட்கிறார்கள். இல்லை. வரவு செலவுக் கணக்கு ஜமாஅத்தின் அமானிதம். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது கணக்குத் தாளில் தனியாக இருக்கிறது. நன்றித் தாளில் தொகை இல்லை. விறகுச் செலவு முழுவதையும் ஏற்றவர் இன்னார் என்று, அவர் பணம் செய்த வேலையைச் சொல்லியிருக்கிறோம். பணமும் உழைப்பும் ஒரே முறையில், ஒரே எழுத்தளவில். பெயர்களின் வரிசை அந்தஸ்தின்படி இல்லை. காலையில் தொடங்கி இரவில் முடியும் வேலையின் வரிசை. அதனால் முதலில் யார், கடைசியில் யார் என்ற வழக்கு வரவில்லை.

ஒட்டுவதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டினோம். இது முக்கியம். கிடாரம் கழுவிய அந்த இளைஞரிடம், “முப்பது நாளும் கழுவியவர்” என்று எழுதியிருந்ததை வாசித்தேன். உடனே தடுத்தார். “முப்பதுன்னு போடாதீங்க உஸ்தாத். கடைசிப் பத்துல நாலு நாள் எனக்குக் காய்ச்சல். அந்த நாலு நாளும் வேற ஒருத்தன் கழுவினான். அவன் பேரையும் போடுங்க.” பெயருக்காக வேலை செய்கிறவர் இப்படிச் சொல்வாரா? தனக்குக் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்டதெல்லாம் சரியான அளவுதான் என்று அப்போது புரிந்துகொண்டேன். அறிவிப்பில், “இருபத்தாறு நாள் இன்னார், நான்கு நாள் இன்னார்” என்று திருத்தினோம்.

இவ்வளவு கேட்டும் யாரோ விடுபட்டிருப்பார்கள். இந்த அச்சத்தால்தான் பலரும் ‘அனைவருக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பெயரை விட்டால் மனக்கசப்பு வருமே என்று. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஒருவர் விடுபடக்கூடும் என்பதற்காக எல்லோரையும் விட்டுவிடுவது மருந்தாகாது. நாங்கள் கடைசியில் இப்படி எழுதினோம்: “எங்களுக்குத் தெரியவந்தது இவ்வளவே. விடுபட்டவரைத் தெரிந்தவர்கள் மோதினாரிடம் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்குள் சேர்க்கிறோம்.” இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டையும் அவர்களாக வந்து சொல்லவில்லை. வேறு ஆட்கள் வந்து சொன்னார்கள்.

நஹாவந்த் போரின் செய்தி மதீனாவுக்கு வந்தபோது, ஷஹீதானவர்கள் யார் யார் என்று உமர் (ரலி) கேட்டார்கள். வந்தவர் தெரிந்த பெயர்களைச் சொல்லிவிட்டு, நாங்கள் அறியாத இன்னும் பலரும் இருக்கிறார்கள் என்றார். உமர் (ரலி) அழுதார்கள். அல்லாஹ் அவர்களை அறிவான் என்ற கருத்தில் சொன்னார்கள். நாமும் ‘அல்லாஹ் அறிவான்’ என்று சொல்கிறோம். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். உமர் (ரலி) முதலில் பெயர்களைக் கேட்டார்கள். தெரிந்ததெல்லாம் சொல்லி முடிந்த பிறகு, மனித அறிவு நின்ற இடத்தில் அந்தச் சொல் வந்தது. நான் போன வருடம் கேட்காமலே அந்தச் சொல்லுக்குப் போய்விட்டேன்.

இந்த வருட அறிவிப்பு இன்னும் பலகைக்கு வரவில்லை. காரணம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இதை வாசிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்தால் மோதினாரிடம் சொல்லுங்கள். அவர் என்ன செய்தார், எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களைப் பார்த்தவர் சொல்லட்டும்.

அந்த இளைஞர் இந்த ரமளானில் பதினோராம் நாள் முதல் மீண்டும் வந்தார். முதல் பத்து நாள் கிடாரத்தை மோதினாரும் நானும் கழுவினோம். அடியில் பிடித்த கஞ்சியைத் தேய்த்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

யா அல்லாஹ்! எங்களுக்காக உழைத்தவர்களை எங்கள் கண்ணுக்குக் காட்டித் தருவாயாக. அவர்களுக்கு உரியதைக் குறைக்காமல் சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக. செய்யாததற்குப் புகழை விரும்பும் நோயிலிருந்து எங்களைக் காப்பாயாக. நாங்கள் அறியாமல் விட்டவர்களுக்கு உன்னிடமிருந்து நிறைவான கூலியைத் தருவாயாக. அரிசியில் கல் பொறுக்கிய அந்தப் பெரியவரின் கப்ரை ஒளியாக்குவாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.